பிடிமண்ணும் செறிவிவரிப்பும்

‘ஊர்ப் பெரியவர் வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுத்தார்.’ அன்னவாசல் அமைந்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயனாருக்குப் புரவியெடுப்பதைக் காணச் சென்ற மாணவர் தம் மானிடவியல் பயிற்சிக்கட்டுரையில் இவ்வாறு எழுதினால், அதில் பிழையில்லை; பொருளும் இல்லை. தானே துடிக்கும் இமையும் குறிப்புணர்த்தச் சிமிட்டும் இமையும் தோற்றத்தில் ஒன்றே என்றார் கில்பர்ட் ரைல். அவ்வேறுபாட்டை எழுதிக்காட்டுவதையே 1973இல் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் ‘செறிவிவரிப்பு’ என்றார்.

பிடிமண் வெறும் மண்ணன்று. அது ஊர் கூடி முடிவெடுத்ததன் அடையாளம். அதனைப் பெற்ற பின்னரே வேளார் மண்குதிரை வனையத் தொடங்குவார். அதனைக் குதிரைக்குரிய களிமண்ணோடு சேர்த்துப் பிசைவார். எனவே கொடுத்தவர் எவ்வுரிமையால் கொடுத்தார், அருகில் நின்றவர் யாவர், எவர் அழைக்கப்படவில்லை என்பனவும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். மரியாதை வரிசையில் பிணக்கு எழுந்தால் விழாவே நின்றுபோவதுண்டு என்பதை நாம் அறிவோம்.

புரவிகள் கண் திறக்கப்பெற்று, ஊர்வலமாகக் கோயில் சேர்ந்து, அங்கேயே வெயிலிலும் மழையிலும் சிதைகின்றன. ‘மண் மண்ணுக்கே திரும்புகிறது’ என்று எழுத மாணவர் கை துடிக்கும். (நம் தமிழ் மாணவர்க்கு இவ்வாசை சற்று மிகுதி!) அவ்வாறு சொன்னவர் வேளாரா, நேர்ந்துகொண்டவரா, மாணவரேதானா? ஊரார் எவரும் சொல்லாததாயின், அது தம் ஊகமென்றே அவர் குறித்தல் வேண்டும். வேளாரும் நேர்ந்தவரும் வெவ்வேறு காரணம் கூறினால் இரண்டையும் அவரவர் சொல்லிலேயே பதிய வேண்டும், ஒன்றாக்கிவிடலாகாது.