குமிழ்ப் பூட்டை மாற்றும் முன் கதவில் எடுக்க வேண்டிய அளவுகள்

குளியலறைக் கதவுகளிலும் படுக்கையறைக் கதவுகளிலும் இருக்கும் உருண்டைக் குமிழ்ப் பூட்டு இரண்டு துளைகளை நம்பி நிற்கிறது. ஒன்று, கதவின் முகத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவும் பெரிய வட்டத்துளை. பூட்டின் உடல் இதற்குள் உட்காருகிறது. மற்றது, கதவின் விளிம்பிலிருந்து அந்தப் பெரிய துளைக்குள் போய்ச் சேரும் சிறிய துளை. நிலைச்சட்டத்தில் போய் மாட்டும் நாக்கு இதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. கதவின் விளிம்பிலிருந்து பெரிய துளையின் மையம் வரை உள்ள தூரத்தைக் கடைக்காரர்கள் ‘பேக்செட்’ என்கிறார்கள். பழைய பூட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்த இந்தத் தூரமும் பெரிய துளையின் விட்டமும் தெரிந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், வாங்கி வந்த பூட்டு கதவுக்குள் போகாது. போனாலும் வேலை செய்யாது.

இந்த வகைப் பூட்டுகளில் பேக்செட் பெரும்பாலும் 60 மில்லிமீட்டர் அல்லது 70 மில்லிமீட்டராக இருக்கும். பெரிய துளையின் விட்டம் 54 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் பார்த்தால் 54 விசித்திரமான எண்ணாகத் தோன்றும். கதவில் இரண்டு துளை போட்டுச் செருகும் இந்த உருளைப் பூட்டு 1920களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் வால்டர் ஷ்லேக் என்பவர் உருவாக்கியது. அதனால் அளவுகள் அங்குலத்தில் நிலைத்துவிட்டன. இரண்டே கால் அங்குலத்துக்கு அரைக்கால் அங்குலம் குறைந்த துளைதான் 54 மில்லிமீட்டர். 60, 70 என்பவையும் அப்படி அங்குலத்திலிருந்து வந்தவையே.

குமிழைக் கழற்றாமலே ஒரு தோராய அளவு எடுக்கலாம். கதவைத் திறந்துவைத்து, விளிம்பிலிருந்து குமிழின் நடுப்பகுதி வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் 60க்குப் பக்கத்திலா 70க்குப் பக்கத்திலா என்பது தெரிந்துவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பதால், 58 வந்தாலும் 62 வந்தாலும் அது 60தான். சரியாக 65 வந்தால் எதையும் முடிவு செய்யக் கூடாது. அளவு பிசகியிருக்கலாம், அல்லது தச்சர் கையளவாகத் துளை போட்டிருக்கலாம். எந்த வகையானாலும் பூட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும். குமிழ் இல்லாத கதவு சாத்திக்கொண்டால், நாக்கை இழுக்கக் கையில் எதுவும் இருக்காது. அறைக்கு உள்ளே இருக்கும் குமிழின் கழுத்தில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். அதில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபடி இழுத்தால் குமிழ் கையோடு வரும். பிறகு வட்டத் தகட்டை நெம்பி எடுத்தால் இரண்டு நீள ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றினால் பூட்டின் இரு பாதிகளும் பிரியும். விளிம்பில் உள்ள இரண்டு ஸ்க்ரூக்களை எடுத்தால் நாக்கும் வந்துவிடும்.

இப்போது ஒரு சிக்கல் வருகிறது. பேக்செட் என்பது துளையின் மையம் வரை உள்ள தூரம். துளையின் மையத்திலோ மரமே இல்லை. வெற்றிடத்தின் நடுவைக் கண்ணால் குறிப்பதில்தான் பலருக்கும் பிசகுகிறது. அதைக் குறிக்கத் தேவையே இல்லை. கதவின் விளிம்பிலிருந்து துளையின் கிட்டத்து ஓரம் வரை ஓர் அளவு, தூரத்து ஓரம் வரை இன்னோர் அளவு எடுத்தால் போதும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பேக்செட். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் துளையின் விட்டம். ஸ்கேல் படுக்கைவாட்டில், துளையின் மிக அகலமான இடத்தைக் கடந்துபோக வேண்டும். மேலேயோ கீழேயோ விலகினால் விட்டம் குறைவாகக் காட்டும்.

ஓர் உதாரணம். இருபது ஆண்டுப் பழைய அடுக்ககத்தின் குளியலறைக் கதவு, 35 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளஷ் டோர். கிட்டத்து ஓரம் 35 மில்லிமீட்டர், தூரத்து ஓரம் 85. கூட்டினால் 120, பாதி 60. பேக்செட் சரியாக இருக்கிறது. ஆனால் 85லிருந்து 35ஐக் கழித்தால் 50தான். தச்சர் அன்று கையில் இருந்த 50 மில்லிமீட்டர் வட்ட ரம்பத்தால் துளைத்திருக்கிறார். பழைய பூட்டின் உடல் சிறியதாக இருந்ததால் அது அதில் அடங்கிவிட்டது. புதிய பூட்டின் பெட்டியிலோ 54 என்று போட்டிருக்கிறது. துளை 54தான் என்று நம்பிக் கிட்டத்து ஓரத்தை மட்டும் அளந்தவர், 35உடன் 27ஐக் கூட்டி 62 என்று எழுதிக்கொண்டு நிம்மதியாகக் கடைக்குப் போயிருப்பார். துளை சிறியது என்ற செய்தி அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். இரண்டு ஓரங்களையும் அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

விளிம்பிலும் கவனம் வேண்டும். கதவு நிலையில் உரசாமல் சாத்துவதற்காகப் பல கதவுகளின் விளிம்பைச் சற்றுச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். அதனால் இரண்டு முகங்களிலும் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். இரு பக்கமும் அளந்து நடுவை எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய நாக்கிலும் சரிபார்க்கலாம்: அதன் முன்தகட்டிலிருந்து, பூட்டின் உடல் நுழையும் இடத்தின் நடு வரை உள்ள தூரம்தான் பேக்செட். இரண்டு அளவும் ஒத்துப்போனால் சந்தேகம் வேண்டாம்.

பேக்செட் மாறினால் என்ன ஆகும்? 60 மில்லிமீட்டர் கதவில் 70 மில்லிமீட்டர் நாக்கைச் செருகினால் அதன் பின்முனை துளையின் மையத்தைத் தாண்டி நிற்கும். பூட்டின் உடல் அதைக் கவ்வாது. கைப்பிடியைத் திருப்பினாலும் நாக்கு உள்ளே போகாது. இதற்காகத் துளையைப் பக்கவாட்டில் இழுத்து நீளமாக்குவது கதவைக் கெடுப்பதுதான். 60, 70 இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும்படி செய்த நாக்குகள் கிடைக்கின்றன. அதை வாங்குவது எளிது.

துளை சிறியதாக இருப்பதைச் சரிசெய்யலாம். ஆனால் வட்ட ரம்பத்தின் நடுவில் இருக்கும் துளையாணிக்குப் பிடிமானமாக மரம் இல்லாததால், ரம்பம் கதவின் மேல் வழுக்கி ஓடும். எனவே முதலில் ஒரு பிளைவுட் துண்டில், அதன் ஓரத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி மையம் வைத்து 54 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். அந்த ஓரத்தைக் கதவின் விளிம்போடு சேர்த்து, துளைகளின் மையங்கள் ஒரே உயரத்தில் இருக்கும்படி கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பிறகு துளையாணியைக் கழற்றிவிட்டு, பிளைவுட் துளையின் வழியாக ரம்பத்தை மெதுவாக ஓட்டினால் அது நகராது. கதவின் மறுபக்கம் ஒரு கழிவுப் பலகையை அழுத்தி வைத்தால் மேல்தோல் பிய்யாது. விளிம்புத் துளை பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் கேட்கும். பழைய கதவுகளில் 22 இருந்தால் அதையும் விரிக்க வேண்டும்.

துளை பெரியதாக இருந்தால் கேள்வி வேறு. புதிய பூட்டின் வட்டத் தகடு துளையை முழுவதும் மூடி, சுற்றிலும் சில மில்லிமீட்டர் மரத்தில் படிய வேண்டும். இல்லையென்றால் இறுக்கும்போது தகடு துளைக்குள் சரியும். குமிழுக்குப் பதிலாக நீளத் தகடு வைத்த கைப்பிடிப் பூட்டை விரும்புபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தத் தகடுகளில் பல 54 மில்லிமீட்டரைவிடக் குறுகியவை. பழைய வட்டம் இரு பக்கமும் பிறை போல வெளியே தெரியும். அந்த வகைப் பூட்டின் பெட்டி விளிம்பில் ஆழமான செவ்வகக் குழியையும் கேட்கிறது. பழைய துளையை மரத்துண்டால் அடைத்துப் பசை போட்டு மூடிய பிறகே அதைத் தொடங்க முடியும்.