சந்திப்பைத் தள்ளிப்போட நான்கு வரி பிரெஞ்சு

சென்னையில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனம். ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, பாரிஸில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவரோடு காணொளிச் சந்திப்பு வைத்திருக்கிறது என்று கொள்வோம். பாரிஸ் நேரம் பிற்பகல் 2.30, நம் ஊரில் மாலை 6 மணி. அன்று காலை 11.30க்கு, சந்திப்பை நடத்த வேண்டிய பொறியாளரால் மாலையில் உட்கார முடியாது என்று தெரிகிறது. ஆங்கிலம் என்றால் இரண்டு நிமிடத்தில் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதுபவர், பிரெஞ்சிலேயே பதிலையும் எதிர்பார்ப்பவர்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் நீளமாக எழுதிவிடுகிறார்கள். முதலில் மன்னிப்பு, பிறகு காரணம், பிறகு அந்தக் காரணத்துக்கு விளக்கம், கடைசியில் மறுபடியும் மன்னிப்பு. ஆறு மணி நேரத்தில் நடக்கவேண்டிய சந்திப்பு நடக்குமா நடக்காதா என்பது மூன்றாவது பத்தியில்தான் தெரியவரும். பிரெஞ்சு அலுவலக வழக்கம் இதற்கு நேர்மாறானது. கீழே இருப்பது முழுச் செய்தி. பெயர் மட்டும் கற்பனை. பிரான்சில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குடும்பப் பெயர் என்பதால் மர்த்தேன் என்று வைத்திருக்கிறது.

```
Objet : Report de notre rendez-vous du mardi 10 juin

Bonjour Madame Martin,

Un imprévu m'oblige à reporter notre rendez-vous
de cet après-midi. Je vous prie de m'excuser
de vous prévenir si tard.

Seriez-vous disponible jeudi 12 juin à 10 h
ou vendredi 13 juin à 14 h 30, heure de Paris ?

Bien cordialement,
```

கீழே அனுப்புபவரின் முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும். அவ்வளவுதான்.

தமிழில் இதன் சாரம்: "எதிர்பாராத ஒரு காரணத்தால் இன்று பிற்பகல் சந்திப்பைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு தாமதமாகத் தெரிவிப்பதற்குத் தயவுசெய்து மன்னிக்கவும். பாரிஸ் நேரப்படி 12ஆம் தேதி வியாழன் காலை 10 மணிக்கோ 13ஆம் தேதி வெள்ளி பிற்பகல் 2.30க்கோ உங்களுக்குத் தோதுப்படுமா?"

தலைப்பு வரியில் வரும் 'ரெப்போர்' என்ற சொல்லை ஆங்கிலக் கண்ணோடு பார்த்தால் அறிக்கை என்று தோன்றும். பிரெஞ்சில் அது தள்ளிவைப்பு. மின்னஞ்சலைத் திறக்காமலேயே மதாம் மர்த்தேனுக்கு விஷயம் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் தேதியும் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. அங்கே 'ரத்து' என்று பொருள்படும் 'அன்யூலசியோன்' என்று எழுதினால் அவர் நாட்குறிப்பில் அந்தச் சந்திப்பை அடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். உள்ளே நீங்கள் கொடுத்த புதிய தேதிகளை அவர் படிக்காமலே போக வாய்ப்புண்டு.

'மதாம்' என்பதை விளிக்கும்போது முழுதாக எழுதுவதே மரியாதை. ஆணாக இருந்தால் 'முசியே', அதுவும் முழுதாக. ஆங்கிலப் பழக்கத்தில் எம்-ஆர் என்று சுருக்கி விளிப்பது பிரெஞ்சுக் கண்ணுக்கு உறுத்தும். திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'மத்மசேல்' என்பதைத் தொடவே வேண்டாம். 2012இல் பிரெஞ்சு அரசு தன் நிர்வாகப் படிவங்களிலிருந்தே அதை எடுத்துவிட்டது.

காரணத்துக்கு அந்தச் செய்தியில் ஒரே சொல்தான்: 'ஆம்ப்ரேவூ', அதாவது எதிர்பாராதது. நம் பழக்கத்துக்கு இது மொட்டையாகத் தெரியும். காரணம் சொல்லாமல் தள்ளிப்போட்டால் அலட்சியம் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வரும். ஆனால் வேலை சார்ந்த பிரெஞ்சுக் கடிதங்களில் அந்த ஒரு சொல் போதும். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த மருத்துவமனை என்றெல்லாம் எழுதினால், படிப்பவர் அதற்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். அவரிடமிருந்து தேவைப்படுவது ஒரு தேதி மட்டும்தான்.

மன்னிப்பும் ஒரே முறை. 'ழ மெக்ஸ்க்யூஸ்' என்று எழுதுபவர்கள் பிரான்சிலும் நிறையப் பேர். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் தன்னைத் தானே மன்னித்துக்கொள்வதுபோல் ஒலிக்கிறது என்று பழைய தலைமுறை முகம் சுளிக்கும். மன்னிக்கும்படி அவரிடம் கேட்கும் வடிவமே வாடிக்கையாளருக்கு ஏற்றது. செய்தியில் இருப்பது அதுதான்.

இந்தச் செய்தியை ஆணும் அனுப்பலாம், பெண்ணும் அனுப்பலாம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பிரெஞ்சில் இது தானாக நடக்காது. 'வருந்துகிறேன்' என்று எழுதப்போனால் பெண் எழுதும் 'தெசோலே'வின் முடிவில் ஓர் எழுத்து கூடும். உச்சரிப்பில் வித்தியாசமே கேட்காது என்பதால், காதால் கேட்டு மொழி பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 'நான் கட்டாயத்துக்கு உள்ளானேன்' என்று எழுதினாலும் அதே சிக்கல். 'எதிர்பாராத ஒன்று என்னைக் கட்டாயப்படுத்துகிறது' என்று வாக்கியத்தைத் திருப்பிப்போட்டால் அந்தச் சிக்கல் எழவே எழாது. அவசரத்தில் எழுதுபவருக்கு இது பெரிய நிம்மதி.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டிய இடம் நேரம். ஒரு நாளைக்குள் நகரும் சந்திப்புக்கு 'தெக்காலே' என்ற வினை மிகவும் புழக்கத்தில் உள்ளது. அதோடு சேரும் சின்ன இடைச்சொல் ஒன்று மாறினால் சந்திப்பே மாறிவிடும்.

```
décaler à deux heures
décaler de deux heures
```

முதல் வரி, சந்திப்பை இரண்டு மணிக்கு மாற்றச் சொல்கிறது. இரண்டாவது வரி, இரண்டு மணி நேரம் நகர்த்தச் சொல்கிறது. 2.30 மணிச் சந்திப்பை எடுத்துக்கொண்டால் முதலாவதின்படி அது 2 மணிக்கு முன்வந்துவிடும், இரண்டாவதின்படி 4.30க்குப் போய்விடும். தமிழில் 'மணிக்கு', 'மணி நேரம்' என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறோம். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'அர்' என்ற ஒரே சொல். ஆகவே அனுபவப்பட்டவர்கள் எவ்வளவு நேரம் நகர்கிறது என்று எழுதுவதில்லை. புதிய நேரத்தை 24 மணிக் கணக்கில் எண்ணாகவே எழுதிவிடுகிறார்கள். அங்கே முற்பகல், பிற்பகல் என்று ஒட்டுச் சேர்க்கும் வழக்கம் எழுத்தில் இல்லை. பிற்பகல் இரண்டரை என்பது 14.30தான்; வெறும் 2.30 என்று எழுதினால் நள்ளிரவு தாண்டிய இரண்டரை.

மேலே உள்ள செய்தியில் பழைய நேரமான 14.30 எங்குமே குறிப்பிடப்படவில்லை என்பதையும் கவனித்திருக்கலாம். அது வேண்டுமென்றே விட்டது. 'இன்றைய சந்திப்பைத் தள்ளிவைக்கிறேன்' என்பதற்குப் பக்கத்திலேயே 'ஆ 14.30' என்று வந்தால், '14.30க்குத் தள்ளிவைக்கிறேன்' என்றும் படிக்க முடியும். பழைய நேரத்தைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'த' என்ற இடைச்சொல்லைப் போட்டு '14.30 மணிச் சந்திப்பு' என்ற பொருள்படும்படி எழுத வேண்டும்.

'பாரிஸ் நேரம்' என்று சேர்ப்பது ஏன் என்றால், இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் உள்ள இடைவெளி ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். கோடையில் இடைவெளி மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை மணி. நம் எடுத்துக்காட்டில் சென்னையில் 11.30 என்றால் பாரிஸில் காலை 8 மணி. அதே செய்தியை ஜனவரியில் அனுப்பியிருந்தால் அங்கே 7 மணிதான்.

அன்றைக்கே நடக்கவிருக்கும் சந்திப்பு என்பதால் மின்னஞ்சலை மட்டும் நம்புவது சரியில்லை. அனுப்பிவிட்டு, பாரிஸில் 9 மணி ஆனதும், அதாவது இங்கே 12.30க்கு, தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் ஒரு குரல் செய்தி. இது காணொளிச் சந்திப்புக்கு. வாடிக்கையாளர் ரயிலேறி வர வேண்டிய நேரடிச் சந்திப்பு என்றால் முதலில் அழைப்பு, பிறகுதான் எழுத்து. அவர் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தால் இந்த நான்கு வரி எந்த விதத்திலும் போதாது. சந்திப்பை நடத்த வேறொருவரை அனுப்புவதே முறை.

இரண்டு தேதிகள் கொடுப்பது அவர் ஒரு சொல்லில் பதில் சொல்ல வசதியாக. அந்தத் தேதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பிரெஞ்சு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும், முக்கியமாக மே மாதத்தில். மே 1, மே 8 இரண்டும் பொது விடுமுறை. இயேசு விண்ணேற்ற நாள் எப்போதும் வியாழனில் வரும். பலர் அதற்கடுத்த வெள்ளியையும் விடுப்பாக எடுத்து ஞாயிறு வரை பாலம் போட்டுவிடுவார்கள். 'பாலம் போடுவது' என்பது அவர்களுடைய சொல்லே. அந்த வெள்ளிக்கிழமையைச் சந்திப்புக்கு முன்மொழிந்தால் நாட்காட்டியைப் பார்க்காதவர் என்று தெரிந்துவிடும்.

இனி பதில். 'பா த சூசி', அதாவது பிரச்சினை இல்லை என்று தொடங்கி, ஒரு தேதியையும் குறிப்பிட்டால் வேலை முடிந்தது. 'ழ ரவியேன் வேர் வூ' என்றால் பிறகு சொல்கிறேன் என்று பொருள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'வியாழன் கொஞ்சம் சிக்கலானது' என்று பொருள்படும்படி 'கோம்ப்ளிக்கே' என்ற சொல் வந்தால் அது மென்மையான மறுப்பு. வற்புறுத்தாமல் அடுத்த தேதிக்குப் போக வேண்டும்.

சில நேரம் மதாம் மர்த்தேன் 'ழெதி ஆன் உயித்' என்று பதில் போடுவார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வியாழன் எட்டில்'. 10ஆம் தேதியிலிருந்து எட்டு நாள் எண்ணி 18 என்று குறித்துக்கொண்டால் போச்சு. அது இந்த வியாழனுக்கு அடுத்த வியாழன், ஜூன் 19. பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவதால் ஒரு வாரத்தை எட்டு நாள் என்கிறார்கள், இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்கிறார்கள்.

வாடிக்கையாளர் பிரான்சுக்கு வெளியே இருந்தால் சிறு மாற்றங்கள் உண்டு. பெல்ஜியத்தில் தள்ளிப்போடுவதை 'போஸ்ட்போசே' என்பார்கள். பிரான்சில் அப்படிச் சொன்னால் அந்நியமாகக் கேட்கும். கேள்விக்குறிக்கு முன்னால் பிரான்சில் ஓர் இடைவெளி விடுவார்கள், கியூபெக்கில் விடமாட்டார்கள்.

சம்மதம் கிடைத்ததும் ஒரு வரி உறுதிமொழியும் நாட்காட்டி அழைப்பும் அன்றே போய்ச்சேர வேண்டும். அழைப்பைப் பாரிஸ் நேர மண்டலத்தில் உருவாக்குங்கள். உங்கள் திரையில் அது இந்திய நேரமாகத் தானே மாறித் தெரியும். செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிருந்த பழைய அழைப்பை நீக்க மறந்துவிடாதீர்கள்.