பாதத்தை நக்கும் நாய்

ஆலங்காயத்தில் அக்கா வீட்டு லாப்ரடாருக்கு வயது நாலு, எடை 28 கிலோ. ரெண்டு வயசிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் முன்பாதங்களை நக்க ஆரம்பிக்கும். அப்புறம் அக்குள், முகம். தை பிறந்தால் அடங்கிவிடும். "வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனித் தண்ணிதான் தம்பி காரணம்" என்பது அக்காவின் தீர்ப்பு. தண்ணீர் காரணம் என்றால் மாசி, பங்குனியிலும் சொறிய வேண்டுமே!

இது அடோபி என்கிற ஒவ்வாமை. மகரந்தம், பூஞ்சை வித்து, வீட்டுத்தூசியில் வாழும் நுண்சிற்றுண்ணி மாதிரி சாதாரணப் பொருள்களைத் தோலின் நோயெதிர்ப்பு எதிரியாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கும். முதலில் அரிப்பு மட்டும்தான் இருக்கும், புண் பிறகுதான் வரும். வெளிர் நிற நாயின் பாதம் துருப்பிடித்த மாதிரி சிவந்திருந்தால் அது எச்சில் கறை. ரொம்ப நாளாக நக்குகிறது என்று அர்த்தம்.

இதை உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். வால் அடியில் கடித்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். காது விளிம்பும் முழங்கையும் சொறிந்தால் சொறிச் சிற்றுண்ணி. வருஷம் முழுக்க அரித்தால் எட்டு வாரம் புதிய உணவு மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்த நாய்க்குப் பருவக் கணக்கு தெளிவாக இருந்ததால் உணவை டாக்டர் பின்னுக்குத் தள்ளினார். விரலிடுக்கில் ஒட்டுநாடாவை ஒற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஈஸ்ட் நிறைய இருந்தது. அந்தப் புளித்த வாடைக்கு அதுதான் காரணம். ஈஸ்டைக் கவனிக்காவிட்டால் எந்த அரிப்பு மருந்தும் பாதிதான் வேலை செய்யும்.

முந்தைய வருஷம் வேறொரு இடத்தில் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். மூணே நாளில் அரிப்பு நின்றது உண்மை. கூடவே ஓயாத தாகம், வீட்டுக்குள்ளேயே மூத்திரம், எடை. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரை என்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இந்த முறை ஓக்லசிட்டினிப். கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், அதாவது இதற்கு 16 மி.கி. மாத்திரை ஒன்று. தினம் இருவேளை, அதிகபட்சம் 14 நாள், பிறகு ஒருவேளை. ஒரு வயசுக்குக் குறைந்த நாய்க்கும் கடுமையான தொற்று உள்ளதற்கும் கூடாது. கூடவே வாரம் ஒருமுறை குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ. நுரையைப் பத்து நிமிஷம் விட வேண்டும், அதில்தான் எல்லாரும் ஏமாற்றுவோம். நடைக்குப் போய் வந்ததும் பாதம் கழுவித் துடைக்கணும்.

மழைக்குப் பின் பார்த்தீனியம் பூக்கிறது, அதே ஈரத்தில் தூசிச் சிற்றுண்ணியும் பெருகுகிறது. எது குற்றவாளி என்பதை இந்த மருந்துகளுக்குத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுக ஊசியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சைக்குத்தான் தோல் பரிசோதனை வேண்டும். அதன் பலன் தெரிய ஒரு வருஷம் வரை ஆகலாம், எல்லா நாய்க்கும் பலிப்பதும் இல்லை. நாலு மாச அரிப்புக்கு அது வேண்டாம் என்றார் டாக்டர், எனக்கும் சரியாகவே பட்டது. அடுத்த ஆகஸ்டில் முதல் நக்கலைப் பார்த்ததும், புண் வரும்வரை காத்திராமல், ஷாம்பூவை ஆரம்பித்துவிட்டுப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். அக்கா காலண்டரில் குறித்துவைத்திருக்கிறாள்.