நான்கு கட்டம், நான்கு பிள்ளைகள்

பத்தாம் வகுப்பு மரபியல் பயிற்சித்தாளில் தவறாமல் வரும் கேள்வி இது. உருண்டை விதைப் பட்டாணியைச் சுருங்கிய விதைப் பட்டாணியோடு கலந்தால் இரண்டாம் தலைமுறையில் என்ன விகிதம் வரும்? மாணவர்கள் 3:1 என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். "அப்படியென்றால் நான்கு விதையில் ஒன்று கட்டாயம் சுருங்கியதா?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஆமாம் என்பார்கள்.

முதலில் கட்டத்தைப் போட்டுவிடுவோம். உருண்டை ஓங்கு பண்பு, அதற்குப் பெரிய R. சுருக்கம் ஒடுங்கு பண்பு, அதற்குச் சிறிய r. ஒவ்வொரு செடியிலும் இந்தக் காரணி இரண்டு உண்டு. ஆனால் மகரந்தத்துக்குள்ளோ சூல் முட்டைக்குள்ளோ போவது ஒன்றுதான். RR செடியையும் rr செடியையும் கலந்தால் பிறப்பதெல்லாம் Rr. ஒரு R இருந்தாலே விதை உருண்டுவிடும் என்பதால் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. அந்த Rr செடிகளைத் தம்முள் கலக்கும்போதுதான் கட்டம் தேவைப்படுகிறது. மேலே ஒரு பெற்றோரின் இனச்செல்கள், பக்கவாட்டில் இன்னொன்றின் இனச்செல்கள்:

```
      R    r
R    RR   Rr
r    Rr   rr
```

பலர் சறுக்குவது ஓரத்தில். அங்கே R, r என்று பிரித்து எழுதாமல் Rr என்றே வைத்துவிடுகிறார்கள். கட்டத்துக்குள் நான்கு எழுத்து வந்துவிட்டால் ஓரத்தில் தப்பு என்று அறியலாம். ஒரு பண்புக்கு உள்ளே இரண்டு எழுத்துக்கு மேல் வரவே கூடாது.

உள்ளே எழுத்துகளை எண்ணினால் RR ஒன்று, Rr இரண்டு, rr ஒன்று: 1:2:1. கண்ணால் பார்த்து எண்ணினால் உருண்டை மூன்று, சுருக்கம் ஒன்று: 3:1. இரண்டும் ஒரே கட்டத்தின் விடைகள்தாம். கேள்வி எதைக் கேட்கிறது என்பதே வேறுபாடு.

இந்தக் கட்டத்தை வகுத்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரெஜினால்டு புன்னட். விகிதத்தைக் கண்டவர், இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகர மடத்துத் துறவி கிரெகர் மெண்டல். 1866இல் அச்சான அவரது கட்டுரையில் 253 கலப்புச் செடிகளின் விதைக் கணக்கு இருக்கிறது. மொத்தம் 7,324 விதைகள். உருண்டை 5,474, சுருங்கியது 1,850. வகுத்தால் 2.96:1. பாடநூலில் இதுவரைதான் வரும். எனக்குப் பிடித்தது அதே கட்டுரையில் அவர் மறைக்காமல் சொன்ன தனிச்செடிக் கணக்கு. ஒரு செடியில் உருண்டை 43, சுருங்கியது வெறும் 2. இன்னொன்றில் 14க்கு 15! அந்தச் செடியை மட்டும் பார்த்திருந்தால் 3:1 என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

காரணம் எளிது. கட்டம் சொல்வது ஒவ்வொரு விதைக்கும் உள்ள வாய்ப்பை. முந்தைய விதை எப்படி வந்தது என்று அடுத்த விதைக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் எண்ணும்போதுதான் ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று சரிக்கட்டி விகிதம் தெளிகிறது.

இது வீட்டுக்குள் வரும்போது விளையாட்டல்ல. பீட்டா தலசீமியா என்ற இரத்த நோய் ஒடுங்கு பண்பாகவே இறங்குகிறது. தாயும் தந்தையும் நலமாக இருந்து, இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், போடவேண்டியது மேலே உள்ள அதே கட்டம்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று நினைத்தால் தவறு. அடுத்த பிள்ளைக்கும் அதே 4இல் 1. நான்கு பிள்ளைகள் பெற்றவர்களில் சரியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் வருவது சுமார் 42 விழுக்காடு. ஒருவருக்குமே வராமல் தப்புவது முக்கால் × முக்கால் × முக்கால் × முக்கால், ஏறத்தாழ 32 விழுக்காடு.

பயிற்சித்தாளில் இன்னொரு கேள்வி நன்றாகப் பொறி வைக்கும்: நோயில்லாத பிள்ளை சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு என்ன? பாதி என்பார்கள். பிள்ளைக்கு நோயில்லை என்று தெரிந்த பிறகு rr கட்டத்துக்கு வேலையில்லை, அதை அடித்துவிடுங்கள். மிச்சம் மூன்று, அதில் இரண்டு Rr. ஆக விடை 3இல் 2. மெண்டல் இதையும் சோதித்தார். உருண்டை விதைகளிலிருந்து வளர்த்த 565 செடிகளில் 193 உருண்டையை மட்டுமே தந்தன. 372 செடிகளில் சுருங்கியதும் கலந்து வந்தது. கிட்டத்தட்ட 1:2.

பட்டாணியை விதைத்துப் பார்த்து ஒளிந்திருக்கும் r-ஐக் கண்டுபிடிக்கலாம், மனிதரில் அது முடியாது. ஆனால் தலசீமியா சுமப்பவரா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், மணம் பேசும்போதே இரு தரப்பும் அதைச் செய்துகொள்ளுங்கள்.