மரகதம் குடித்த எண்ணெய்

அத்தையின் நவரத்தின மோதிரம் கடையில் கழுவப்பட்டுத் திரும்பி வந்த அன்று வீட்டில் பெரிய சத்தம். தங்கம் புதுசு போல மின்னியது. வைரமும் நீலமும் பளிச்சென்று இருந்தன. மரகதம் மட்டும் வெளுத்துப்போய், உள்ளே நூல் நூலாக வெள்ளைக் கீற்றுகளோடு நின்றது. "கல்லை மாத்திட்டாங்கடா" என்றார் அத்தை.

மாற்றவில்லை. அந்தக் கல்லின் ஓர் ஓரத்தில் எள்முனை அளவு கரும்புள்ளி உண்டு. அத்தை அதை மச்சம் என்பார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது அது அதே இடத்தில் இருந்தது. கல் அதேதான். அதிலிருந்து வெளியேறியது எண்ணெய்.

மரகதம் விரிசலோடு பிறக்கும் கல். நல்ல தரமான கல்லிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் மேற்பரப்பு வரை ஓடியிருக்கும். அதனால் பட்டை தீட்டியவுடன் அதை எண்ணெயில் ஊற வைப்பது பழைய வழக்கம். விற்பனைக்கு வரும் மரகதங்களில் பெரும்பாலானவை இப்படிப் பதப்படுத்தப்பட்டவைதான். கல்லை ஒரு பாத்திரத்தில் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சூடான செடார் மர எண்ணெயை உள்ளே விடுவார்கள். விரிசலுக்குள் காற்று இருந்த இடத்தில் எண்ணெய் போய் உட்காரும்.

அதனால் விரிசல் ஏன் மறைகிறது? பஜ்ஜி வைத்த காகிதத்தைப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். காகிதத்தின் நார்களுக்கிடையே காற்று இருக்கும்வரை ஒளி சிதறுகிறது, காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று போய் எண்ணெய் வந்தால் சிதறல் குறைகிறது. மரகதத்திலும் இதே கணக்குதான். ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் எண் மரகதத்துக்கு ஏறக்குறைய 1.58, செடார் எண்ணெய்க்கு 1.5க்குச் சற்று மேல், காற்றுக்கு 1. முதல் இரண்டும் நெருக்கமாக இருப்பதால் கல்லுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் உள்ள எல்லை கண்ணுக்குப் படுவதில்லை. எண்ணெய் போய்க் காற்று நுழைந்ததும் அதே விரிசல் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கிறது. அத்தை பார்த்தது அதைத்தான்.

இனி அந்த மெஷினுக்கு வருவோம். நகைக்கடை மேசையில் டிபன் பாக்ஸ் பருமனில் ஒரு ஸ்டீல் தொட்டி இருக்கும். அதில் சோப்புக் கரைசல், பெரும்பாலும் ஐம்பது அறுபது டிகிரிச் சூட்டில். தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கருவி, நொடிக்கு நாற்பதாயிரம் முறை போல அதிர்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத இந்த ஒலியைத்தான் மீயொலி, அல்ட்ராசோனிக் என்கிறார்கள். ஒவ்வோர் அதிர்விலும் நீர் ஒரு கணம் இழுபட்டு, மறுகணம் நெருக்கப்படுகிறது. இழுபடும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறக்கின்றன. நெருக்கும்போது அவை உள்நோக்கி வெடிக்கின்றன. அழுக்கைப் பெயர்ப்பது அந்த வெடிப்புதான். மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, அலுமினியத் தாளை அதில் சிறிது நேரம் தொங்கவிடுவார்கள். எடுத்துப் பார்த்தால் தாள் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். அந்த வலிமை மோதிரத்தின் மீதும் இறங்குகிறது.

வைரத்துக்கும் நீலத்துக்கும் அது பெரிதாகத் தோன்றாது. மரகதத்துக்கோ ஒரே நேரத்தில் மூன்று அடி விழுகிறது. சூடு எண்ணெயை இளக்குகிறது, சோப்பு அதைக் கரைக்கிறது, குமிழிகள் அதை விரிசலிலிருந்து வெளியே இழுக்கின்றன. இத்தோடு நின்றால் தப்பித்தோம். அதிர்வு ஏற்கனவே உள்ள விரிசலை இன்னும் நீட்டிவிடவும் கூடும். கொலம்பிய மரகதங்களில் இன்னோர் ஆபத்து உண்டு. அவற்றுக்குள் நுண்ணிய பொந்துகளில் உப்புநீரும் வாயுக்குமிழியும் ஓர் உப்புப் படிகமும் அடைபட்டிருப்பது சகஜம். சூடேறினால் அந்த நீர் விரியும், இடம் போதாமல் கல்லை உள்ளிருந்து பிளக்கும்.

எண்ணெய்க்குப் பதில் பிசின் நிரப்பிய கற்களும் நிறைய வருகின்றன. கெட்டிப்பட்ட பிசின் எண்ணெயைப் போலச் சட்டென்று வெளியேறாது. அதற்காக அதை நம்பி மெஷினில் போட முடியாது. பார்வைக்கு எண்ணெயா பிசினா என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆய்வகச் சான்றிதழ் பார்த்தால்தான் தெரியும்.

நவரத்தின மோதிரத்தில் பிரச்சினை மரகதத்தோடு நிற்பதில்லை. முத்தும் பவளமும் கல்லே அல்ல, உயிரினங்கள் கட்டிய சுண்ணாம்பு. இரண்டும் மென்மையானவை. முத்தின் மேனி மெல்லிய அடுக்குகளால் ஆனது. மெஷினுக்கு அடிக்கடி போனால் அந்த மினுமினுப்பு மங்கும். மோதிரத்து முத்தைப் பாதி துளையிட்டு, ஒரு சின்ன ஆணியில் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூட்டில் பசை இளகும், முத்து கழன்று தொட்டிக்குள் விழும். சாயம் ஏற்றிய பவளமாக இருந்தால் சாயமும் போகும்.

நடுவில் இருக்கும் மாணிக்கம் விவகாரமானது. நல்ல மாணிக்கம் மெஷினைத் தாங்கும். ஆனால் 2004 வாக்கில் சந்தைக்கு வந்த ஒரு வகை இருக்கிறது. வெடிப்பு மிகுந்த மலிவான கற்களில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்கிறார்கள். லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் உள்ளே நீல மினுக்கும், நுண்ணிய வாயுக்குமிழிகளும் தெரியும். இந்தக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். புளியும் எலுமிச்சையும் போட்டு நகை தேய்க்கும் நம் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

புஷ்பராகத்தில் பெயர்க் குழப்பம் வேறு. மஞ்சள் நிற சஃபையரையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள், டோபாஸையும் விற்கிறார்கள். முன்னதற்கு மெஷினால் பயமில்லை. பின்னது ஒரு திசையில் விறகு போலப் பிளக்கும் குணம் கொண்டது, அதை உள்ளே விடக்கூடாது. ஆக, ஒன்பதில் மூன்று கல் கட்டாயம் ஆகாது, இரண்டு சந்தேகம். மொத்த மோதிரத்தையும் மெஷினில் போடக்கூடாது என்பதுதான் கணக்கு. ஓபல், டான்சனைட், சந்திரகாந்தக் கல், டர்க்காய்ஸ் வைத்த நகைகளுக்கும் இதுவே விதி. பின்பக்கம் மூடிக் கட்டிய கெம்பு நகைகளிலோ கல் தாங்கினாலும், உள்ளே வைத்த பளபளப்புத் தகட்டுக்குத் தண்ணீர் இறங்கிக் கறுத்துவிடும்.

பிறகு எப்படித்தான் கழுவுவது? மரகதம் உள்ள மோதிரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, குழந்தைகளின் பல்துலக்கி. ஊற வைக்காமல், உடனே அலசித் துடைத்துவிட வேண்டும். முத்துக்கும் பவளத்துக்கும் ஈரத்துணி போதும். கடையில் கொடுக்கும் முன் போனில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "மெஷின்ல போடாதீங்க" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அத்தையின் கல்லை மோதிரத்திலிருந்து கழற்றி, மீதமிருந்த பழைய எண்ணெயைச் சுத்தம் செய்து, மறுபடி எண்ணெய் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு கீற்று மட்டும் மறையவில்லை. மற்றபடி பழைய பச்சை திரும்பியது. மச்சத்தைக் காட்டினேன். "மச்சத்தையும் சேர்த்து வச்சுக் குடுத்திருப்பாங்க" என்றார் அத்தை.