மெல்லும்போது காது வலிக்கிறதா?

சப்பாத்தியை மெல்லும்போதும், முறுக்கைக் கடிக்கும்போதும், வாய்விட்டுக் கொட்டாவி விடும்போதும் காதோரம் சுரீரென்று வலிக்கிறது. உடனே காதில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் காதில் ஊற்றுகிற பழக்கமும் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நான்கு நாளில் குறையாவிட்டால் சந்தேகம் கடைவாய்ப் பல் மீது போகும். பல்லைப் பிடுங்கிய பிறகும் அதே இடத்தில் அதே வலி நீடிப்பவர்களைப் பல் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்கு உடலமைப்பே காரணம்.

காதுத் துவாரத்துக்கு முன்னால் சிறு மேடுபோல் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு ஒரு விரல் அகலம் முன்னால் ஆள்காட்டி விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு முன்னும் பின்னும் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. டி.எம்.ஜே. என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இந்த மூட்டின் பின்பக்கத்தை ஒட்டியே காதுக்குழாயின் முன்சுவர் இருக்கிறது. மூட்டுக்கு உணர்வு தரும் நரம்புக் கிளையே காது மடலின் முன்பகுதிக்கும் காதுக்குழாயின் முன்சுவருக்கும் போகிறது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் நரம்பும் அதே பெருநரம்பிலிருந்து பிரிவதுதான். எந்தக் கிளையிலிருந்து வலி வந்தது என்று மூளையால் பல நேரம் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் மூட்டில் நோய் இருக்க, காது வலிக்கிறது என்று நோயாளி சொல்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், தாடை மூட்டுக் கோளாறால் காது வலியும் காது அடைப்பும் வரலாம் என்று 1934இல் எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்துபோவதால் தாடை பின்னுக்கு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். அந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் காதுக்கும் தாடைக்கும் உள்ள உறவை அவர் கவனித்தது சரிதான்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது எளிதாகப் புரியும். வயது 32, அலுவலக வேலை பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாக இடது காது வலி. இரண்டு வகைச் சொட்டு மருந்து விட்டும் பலனில்லை. காலையில் எழும்போது கன்னம் இறுகிக் கிடக்கிறது.

"காதுக்குள்ளதான் டாக்டர் வலிக்குது."

"ஒரே விரலை வச்சு, எந்த இடம்னு காட்டுங்கம்மா."

விரல் துவாரத்துக்குள் போவதில்லை, காதுக்கு முன்னால் போய் நிற்கிறது. முதல் துப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது. அடுத்து மருத்துவர் காது மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுக்கிறார். வலி இல்லை. காதுக்குள் பார்த்தால் செவிப்பறை சுத்தமாக இருக்கிறது, சீழ் இல்லை, கேட்பதிலும் குறைவில்லை. இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் பழைய அடைப்பு இருக்கிறது. அதைக் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினாலும் வலிக்கவில்லை. குளிர்ச்சி வைத்தால் கூச்சம் வந்து உடனே போய்விடுகிறது. நல்ல பல்லும் அப்படித்தான் கூசும்.

பிறகு வாயைத் திறக்கச் சொல்கிறார். பெரியவர்கள் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறப்பார்கள். வீட்டில் அளக்க வேண்டுமானால், தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். இந்தப் பெண்ணுக்கு இரண்டு விரல்தான் நுழைகிறது. அளந்தால் 31 மில்லிமீட்டர். திறக்கும்போது கீழ்த்தாடை நேராக இறங்காமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. வலது பக்கப் பற்களுக்கிடையே ஒரு மரக்குச்சியை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னால், இடது காதோரம் வலிக்கிறது.

இந்தக் கடைசிச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் கடிக்கும்போது சுமை இடது மூட்டின் மீது ஏறுகிறது. பல்வலியாக இருந்தால், வலிக்கிற பல்லுக்கு வேலை கொடுக்காதவரை அது பெரும்பாலும் சும்மா இருக்கும். எதிர்ப்பக்கம் மென்றாலும் அதே காதோரம் வலிக்கிறது என்றால் மூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"முன்னாடி தாடையில கிளிக்னு சத்தம் வருமா?"

"ஒரு வருஷமா வந்துச்சு டாக்டர். இப்ப நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

சரியாகவில்லை. மூட்டின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு சிறிய வட்டு இருக்கிறது. அது முன்னால் நழுவியிருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்பு அதன் மேல் ஏறி உட்காரும். அந்த நேரத்தில்தான் சத்தம் வருகிறது. வட்டு நிரந்தரமாக முன்னாலேயே நின்றுவிட்டால் சத்தமும் வராது, வாயும் முழுதாகத் திறக்காது. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. ஏராளமானவர்களுக்கு அது ஆயுள் முழுக்க இருந்துவிட்டுப் போகும். சத்தம் நின்ற அதே சமயத்தில் வாய் திறப்பும் குறைந்தால் மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாருக்கும் வட்டு நழுவியிருக்கும் என்று எண்ண வேண்டாம். மூட்டைவிட, மெல்லும் தசைகள் வலிப்பதுதான் அதிகம். தூக்கத்தில் பல்லை நெரிப்பவர்களுக்குக் காலையில் வலி கூடும். வேலை மும்முரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு மாலையில் கூடும். கன்னத்தின் தடித்த தசையையும் நெற்றிப்பொட்டையும் அழுத்தினால், "இதே வலிதான்" என்று நோயாளியே சொல்லிவிடுவார்.

பல்வலியின் குணம் வேறு. ஐஸ் தண்ணீர் பட்ட கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நின்று வலித்தால், சூடான காபி பட்டு வலித்தால், இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தால் பல்லின் உள்நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் இப்படி ஆகும்போது வலி காதுவரை ஏறும். கண்டுபிடிக்கக் கடினமானது விரிசல் விட்ட பல். சொத்தை இருக்காது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. கடினமான எதையாவது கடித்துவிட்டுக் கடியைத் தளர்த்தும் நொடியில் சுருக்கென்று குத்தும். இளவயதினருக்கு முழுதாக முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் காதும் சேர்ந்து வலிக்கலாம். வாய் நாற்றமும், எச்சில் விழுங்கும்போது வலியும் கூட இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் அந்தப் பல்லுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல் மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், அந்தப் பல்லைக் குற்றவாளியாக்க முடியாது.

காது நோயே காரணமாக இருக்கும்போதும் மெல்லுவது வலிக்கும். ஏனென்றால் தாடை அசையும்போது காதுக்குழாயின் குருத்தெலும்பும் அசைகிறது. பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி என்று எதையாவது விட்டுக் குடைந்த பிறகோ, காதில் தண்ணீர் போன பிறகோ குழாயின் தோலில் கிருமி தொற்றினால் இப்படி ஆகும். காது மடலை இழுத்தால் துள்ள வைக்கும் வலி, அரிப்பு, கசிவு, அடைப்பு ஆகியவை இதன் அடையாளம். சளி, காய்ச்சலோடு காது வலித்துக் கேட்பது மந்தமானால் நடுக்காதைச் சந்தேகிக்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் எண்ணெய் ஊற்றினால் அது நேரே நடுக்காதுக்குப் போய்விடும். இந்த வைத்தியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இதைச் சாதாரணக் காது வலி என்று விடக்கூடாது. வயதான சர்க்கரை நோயாளிக்குக் காதுக்குழாயில் வரும் தொற்று எலும்புக்குள் பரவக்கூடும். இரவில் தூங்கவிடாத வலி, நிற்காத கசிவு, பிறகு வாய் ஒரு பக்கம் கோணுவது என்று அது முற்றும். சொட்டு மருந்தால் தீராது, மருத்துவமனையில் சேர்த்து வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

காது, பல், மூட்டு மூன்றிலும் அடங்காத சிலவும் உண்டு. சாப்பாட்டைப் பார்த்ததுமே காதுக்குக் கீழே வீங்கி வலித்தால் எச்சில் சுரப்பியில் அடைப்பு இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லத் தொடங்கிச் சற்று நேரத்தில் தாடை சோர்ந்து வலித்து, நிறுத்தினால் குறைந்து, கூடவே புதிதாகத் தலைவலியும் வந்தால் நெற்றிப்பொட்டின் ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது அரிது. ஆனால் பார்வையைப் பறிக்கக்கூடியது என்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடந்தாலோ படியேறினாலோ தாடை வலித்தால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம்.

மறுபடியும் அந்தப் பெண்ணுக்கு வருவோம். அவருக்கு அறுவை சிகிச்சை எதுவும் சொல்லப்படவில்லை. சில வாரங்களுக்கு இட்லி, குழைந்த பருப்பு சாதம் போன்ற மென்மையான உணவு. பரோட்டா, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் தினமும் இரண்டு மூன்று முறை கால் மணி நேரம் ஒத்தடம். கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லை என்று கேட்டறிந்த பிறகு சில நாளைக்கு வலி மாத்திரை. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு: சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும்போது இதை அவ்வப்போது நினைத்துப் பார்த்தாலே, எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். வலி தணிந்ததும் வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சி. தேவைப்பட்டால் இரவில் பல்லுக்கு மேல் மாட்டும் தகடு. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். வட்டு பழைய இடத்துக்குத் திரும்பாமலேயே வாய் திறப்பு கூடி, வலி போய்விடுவதும் சகஜம்.

மூட்டு வலிக்காகப் பற்களை ராவிச் சமப்படுத்தலாம், எல்லாப் பல்லுக்கும் உறை போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ராவிய பல் மறுபடி வளராது. பல்லைப் பிடுங்கச் சொன்னால், இந்தப் பல்தான் காரணம் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள்.

புகையிலை, பான்மசாலா, வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, காரம் பட்டால் எரிந்தால் அதைத் தாடைப் பிடிப்பு என்று விடாதீர்கள். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். நாக்கின் அடியிலோ தொண்டையிலோ வளரும் புற்றுநோயும், காது நன்றாக இருக்கும்போதே காது வலியாகத் தெரியும். ஒரு பக்கக் காது வலி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, காதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றால் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். தொண்டையையும் பார்க்கச் சொல்லுங்கள்.