குறுஞ்செய்திகளில் ஒரு பாகப்பிரிவினைக் கதை

இறந்த தாயின் உடைமைகளை இரு சகோதரிகள் பிரித்துக்கொள்வதைக் குறுஞ்செய்திகளாலேயே சொல்லும் சிறுகதையில் கதைசொல்லி கிடையாது. இருவருக்கும் தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கவும் முடியாது. “நம் அம்மா போன மாதம் இறந்தாரே” என்று அக்கா எழுதினால் அது வாசகருக்கான வரி. கதை அங்கேயே பொய்த்துவிடும். “அம்மா பீரோ சாவி உன்கிட்டயா இருக்கு?” என்றால் போதும், இழப்பும் சந்தேகமும் சேர்ந்தே வந்துவிடும்.

நேர இடைவெளிதான் இங்கே வர்ணனை. இரவு 9.10க்குத் தங்கை, “அந்த அரக்குப் பட்டு எனக்கு வேணும்க்கா” என்கிறாள். நீல டிக் விழுகிறது. பதில் மறுநாள் காலை 6.40க்கு: “எடுத்துக்கோ. ஆஸ்பத்திரியில கூட இருந்தது நான்தான்.” புடவை கிடைத்துவிட்டது, கணக்கு தீரவில்லை.

நேருக்கு நேர் வெடிக்கும் சண்டையை மட்டும் இந்த வடிவம் தாங்காது. முன்னும் பின்னும் வரும் செய்திகளிலிருந்து வாசகரே அதை ஊகிக்க வேண்டும்.